ரெஸ்யூமேயில் 19 கருவிகள், புராஜெக்ட்டில் தெரிவது 4: எதை நம்புவது?

தராசுமுள் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் அணிக்கு ஒரு டேட்டா இன்ஜினியர் தேவை. நேர்காணலுக்கு முன் ரெஸ்யூமேக்களைச் சலித்துக் கொடுக்கும் வேலை முதல்முறையாக என்னிடம் வந்திருக்கிறது. அதில் ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அடையாளம் தெரியாதபடி மாற்றி இங்கே தருகிறேன்.

அனுபவம் 4 ஆண்டு. திறன்கள் பகுதியில் 19 கருவிகள்: பைத்தான், எஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், மோங்கோடிபி, ரெடிஸ், ஸ்பார்க், ஹடூப், கஃப்கா, ஏர்ஃப்ளோ, டிபிடி, ஸ்னோஃப்ளேக், டாக்கர், குபெர்னெட்டிஸ், டெராஃபார்ம், ஜென்கின்ஸ், டேப்லோ, டென்சர்ஃப்ளோ, பைடார்ச், எலாஸ்டிக்சர்ச்.

புராஜெக்ட்கள் மூன்று.

முதலாவது, 20 மாதம்: 14 கிளைகளிலிருந்து தினமும் வரும் சிஎஸ்வி கோப்புகளை ஏர்ஃப்ளோ வழியாகப் போஸ்ட்கிரெஸில் ஏற்றி டேப்லோவில் விற்பனை அறிக்கை. ஏற்றும் நிரலைப் பைத்தானில் எழுதியிருக்கிறார். கோப்பின் நெடுவரிசை மாறினால் ஓட்டத்தை நிறுத்தி எச்சரிக்கும் சோதனையும் அவர் சேர்த்ததுதானாம். இரவு ஓட்டம் 6 மணி நேரத்திலிருந்து 45 நிமிடமாகக் குறைந்தது என்கிறார்.

இரண்டாவது, 16 மாதம்: கஃப்கா, ஸ்பார்க், குபெர்னெட்டிஸ் கொண்டு நிகழ்நேர ஆர்டர் அமைப்பு வடிவமைத்து உருவாக்கப்பட்டது. தினமும் 40,000 ஆர்டர்கள். செயல்திறன் 40% மேம்பட்டது.

மூன்றாவது, 8 மாதம்: டென்சர்ஃப்ளோ மூலம் எந்த வாடிக்கையாளர் விலகுவார் என்று கணிக்கும் மாடல். துல்லியம் 94%.

இதில் எது நிஜம், எது ஊதியது என்று உட்கார்ந்த இடத்திலேயே எவ்வளவு தூரம் சொல்ல முடியும்?

---

கடைசிவரிசை

சுலபம். 4 வருஷத்தில் 19 கருவி யாராலும் கற்க முடியாது. ஓரமாக வையுங்கள். இல்லாவிட்டால் கிட்ஹப் கணக்கைத் திறந்து பாருங்கள், பச்சைக் கட்டங்கள் சொல்லிவிடும். நான் அப்படித்தான் பார்ப்பேன், இதுவரை பெரிதாக ஏமாந்ததில்லை.

---

நூல்கண்டு

எண்ணிக்கையை வைத்து முடிவு செய்யாதீர்கள். 19 கருவிகளையும் தொட்டிருக்க முடியும். எதில் எவ்வளவு ஆழம் என்பதுதான் கேள்வி, அதற்குத் திறன்கள் பட்டியலில் பதில் கிடையாது. புராஜெக்ட் பகுதியில்தான் தேட வேண்டும்.

நான் செய்வது இது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்துக்கொண்டு, புராஜெக்ட் விவரத்தில் அது எந்த வினைச்சொல்லோடு வருகிறது, அந்த வினை எதன் மேல் நடந்தது என்று தேடுவேன். "பைத்தானில் ஏற்றும் நிரலை எழுதினேன்" என்றால் ஆள், செயல், பொருள் மூன்றும் இருக்கின்றன. "கஃப்கா, ஸ்பார்க், குபெர்னெட்டிஸ் கொண்டு உருவாக்கப்பட்டது" என்பதில் ஆளே இல்லை. எந்தக் கருவி எந்த வேலையைச் செய்தது என்பதும் இல்லை. மூன்று பெயர்களை ஒரே "கொண்டு"வில் கட்டிவிட்டார்.

உங்கள் ஆளை அப்படிப் பிரித்தால், பொருளோடு வருபவை 4: பைத்தான், ஏர்ஃப்ளோ, போஸ்ட்கிரெஸ், டேப்லோ. பெயர் மட்டும் புராஜெக்ட்டில் வருபவை 4: கஃப்கா, ஸ்பார்க், குபெர்னெட்டிஸ், டென்சர்ஃப்ளோ. சொல்லாமலே ஊகிக்கக்கூடியவை 2: போஸ்ட்கிரெஸ் இருந்தால் எஸ்க்யூஎல் இருக்கும், குபெர்னெட்டிஸ் இருந்தால் பெரும்பாலும் டாக்கர் இருக்கும். பட்டியலைத் தவிர வேறெங்கும் தலைகாட்டாதவை மீதி 9.

பலர் அந்த 9-ஐப் பார்த்துத்தான் பொய் என்று குதிப்பார்கள். நான் நடுவில் இருக்கும் 4-ஐப் பற்றித்தான் கவலைப்படுவேன். பட்டியலில் மட்டும் இருப்பது வெறும் சோம்பேறித்தனமாகக்கூட இருக்கலாம். புராஜெக்ட்டுக்குள் பெயர் வந்தும் வேலை தெரியவில்லை என்றால், அங்கே யாரோ ஒருவர் வேலை செய்திருக்கிறார். அது இவர்தானா என்பதை அந்த வாக்கியம் மறைக்கிறது.

கிட்ஹப் பற்றி கடைசிவரிசைக்கு: அலுவலக வேலை பெரும்பாலும் தனிக் களஞ்சியத்தில் இருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. பச்சைக் கட்டங்களையோ ஒரே வரியில் எந்தத் தேதிக்கும் போட்டுவிடலாம்:

```
git commit --date="2021-03-14 10:00" -m "fix"
```

இதில் மாறுவது எழுதிய தேதி மட்டும். பதிவான தேதி அப்படியே நிற்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்:

```
git log --format='%h %ad | %cd'
```

ஆனால் பதிவான தேதியையும் மாற்ற வழி உண்டு. ரீபேஸ் செய்தால் எந்தக் கள்ளமும் இல்லாமலேயே இரண்டும் வேறுபடும். ஆக இது ஒரு சின்னக் குறிப்புதான், இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

---

கடைசிவரிசை

சரி, தேதி விஷயம் எனக்குத் தெரியாது. ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு ஏதோ ஒரு களஞ்சியம் இருப்பது மேல்தானே?

---

நூல்கண்டு

இருந்தால் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இல்லாதவரை அதற்காகக் கழிக்காதீர்கள், அவ்வளவுதான்.

---

புதுவரவு22

அண்ணா, எனக்கும் இதே சந்தேகம். என் ரெஸ்யூமேயில் 27 கருவிகள் இருக்கின்றன. 20-க்குள் குறைத்தால் தேர்வாக வாய்ப்பு அதிகமா? எழுத்துரு எந்த அளவில் வைப்பது?

---

இரவுப்பணி

தம்பி, இழை அதைப் பற்றியது இல்லை. இருந்தாலும் கேட்டுவிட்டீர்கள். அந்த 27-இல் ஒவ்வொன்றுக்கும் "இதை வைத்து எதைச் செய்தேன்" என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். வரி வராததை எடுத்துவிடுங்கள். எழுத்துருவை யாரும் கவனிக்கப்போவதில்லை.

பட்டியல் ஏன் இப்படி வீங்குகிறது என்பதற்கு ஒரு காரணம் நம் பக்கமும் இருக்கிறது. விளம்பரத்தில் 15 கருவி கேட்கிறோம், சல்லடை மென்பொருள் அந்தச் சொற்களைத் தேடுகிறது, ஆட்களும் அந்தச் சொற்களைப் போடுகிறார்கள். ஃபாஸ்ட்ஏபிஐ கதை நினைவிருக்கிறதா? அது முதலில் வெளிவந்தது 2018 டிசம்பரில். 2020-இல் ஒரு வேலை விளம்பரம் அதில் 4 ஆண்டு அனுபவம் கேட்டது. எனக்கே ஒன்றரை ஆண்டுதான் அனுபவம், என்னாலேயே விண்ணப்பிக்க முடியாது என்று அதை உருவாக்கியவரே ட்விட்டரில் எழுதினார். கேட்பவர் ஊதினால் சொல்பவரும் ஊதத்தான் செய்வார்.

அதே கணக்கை ரெஸ்யூமேயிலும் போட்டுப் பார்க்கலாம். குபெர்னெட்டிஸ் 1.0 வந்தது 2015 ஜூலை. 2014-லேயே அதை உற்பத்திச் சூழலில் ஓட்டினேன் என்று ஒருவர் எழுதியிருந்தால் நின்று கேட்க வேண்டும். ஆனால் இப்படி அப்பட்டமாகச் சிக்குவது அபூர்வம்.

---

தராசுமுள்

நூல்கண்டு, பிரித்துக் காட்டியதற்கு நன்றி. அப்புறம், அந்த எண்களை எப்படி எடுத்துக்கொள்வது? 40,000, 40%, 94%, 6 மணி நேரம். எண் இருந்தால் நம்பகமாகத் தெரிகிறது, அதனால்தான் எனக்குச் சந்தேகமாகவும் இருக்கிறது.

---

நூல்கண்டு

நான்கும் நான்கு ரகம். தனித்தனியாகப் பார்ப்போம்.

40,000 ஆர்டரை நாமே சோதிக்கலாம். ஒரு நாளைக்கு 86,400 விநாடி, ஆக விநாடிக்கு அரை ஆர்டர்கூட வரவில்லை. எல்லாமே 8 மணி நேரத்துக்குள் குவிகிறது என்று வைத்தாலும் விநாடிக்கு 1.4. ஒவ்வொரு ஆர்டரும் 10 நிகழ்வுகளைக் கிளப்பினால் விநாடிக்கு 14. ஒற்றைப் போஸ்ட்கிரெஸ் இதை அலட்டாமல் தாங்கும். அப்படியிருக்க கஃப்காவும் ஸ்பார்க்கும் ஏன்?

இதனால் பொய் என்று ஆகிவிடாது. தேவைக்கு மீறிக் கட்டும் நிறுவனங்கள் ஏராளம். இன்னொரு அணி ஏற்கெனவே கஃப்கா வைத்திருந்தால் அதில் தொற்றிக்கொள்வதும் நடக்கும். ஆனால் அங்கே வேலை செய்தவருக்கு அந்த "ஏன்" தெரிந்திருக்கும். "மேலிடத்தில் முடிவு செய்தார்கள், எனக்கும் புரியவில்லை" என்றாலும் அது நல்ல பதில்தான். பாகங்களைப் பிரித்து வைப்பது, பளுவைப் பகிர்வது, தேவைக்கேற்பப் பெருக்குவது என்று பாடம் ஒப்பித்தால் யோசிக்க வேண்டும்.

40% மேம்பாடு என்பதில் எது, எதிலிருந்து எதுவரை, எங்கே அளந்தது, எதுவும் இல்லை. இருக்கும் நிலையில் இதைச் சரிபார்க்கவே முடியாது. நான் இதற்கு மதிப்பெண் கூட்டவும் மாட்டேன், கழிக்கவும் மாட்டேன்.

6 மணி நேரம் 45 நிமிடமானது பிடித்திருக்கிறது. தொடக்கமும் முடிவும் இருக்கின்றன, அளவு பொருள்படுகிறது. இதில் நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மீதி 45 நிமிடம் எதில் போகிறது?" எப்படிக் குறைத்தோம் என்று யாரிடமாவது கேட்டு மனப்பாடம் செய்துவிடலாம். மிச்சம் எங்கே தங்கியது என்பது அதோடு மல்லுக்கட்டியவருக்குத்தான் தெரியும்.

94% துல்லியத்தில் ஒரு பொறி இருக்கிறது. மொத்தத்தில் எத்தனை சதவீதம் பேர் விலகினார்கள் என்று கேளுங்கள். 6% என்றால், "ஒருவரும் விலக மாட்டார்" என்று கண்ணை மூடிச் சொன்னாலே 94% வந்துவிடும்.

---

மணல்வீடு

இங்கே என் கதையைச் சொல்லியாக வேண்டும். ஒரு ஆள்சேர்ப்பு முகவர் வழியாக நேர்காணலுக்குப் போனேன். எதிரில் இருந்தவர் ஹடூப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். எனக்கு ஹடூபைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, ஏன் கேட்கிறார் என்றும் புரியவில்லை. கடைசியில் அவர் கையில் இருந்த தாளைக் காட்டினார். என் ரெஸ்யூமேதான், ஆனால் நான் எழுதாத மூன்று கருவிகள் அதில் இருந்தன. முகவர் சேர்த்துவிட்டார். நான் சொன்னதை அவர் நம்பினாரா தெரியாது, வேலை கிடைக்கவில்லை.

அதனால் தராசுமுள், ஊதல் என்று கண்டுபிடித்தால் ஊதியது யார் என்றும் பாருங்கள்.

---

இரவுப்பணி

இது அடிக்கடி நடக்கிறது. நான் இப்போதெல்லாம் நேர்காணல் தொடங்கியதும், எங்களுக்கு வந்த பிரதியைத் திரையில் காட்டி "நீங்கள் அனுப்பியது இதுதானா, ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்பேன். இரண்டு நிமிட வேலை. சிலர் அங்கேயே "இது என்னுடையது இல்லையே" என்பார்கள்.

---

விதைநெல்

எனக்கு இந்த இழையின் போக்கிலேயே கொஞ்சம் நெருடல். நான் இருந்த அணியில் "நான் செய்தேன்" என்று எழுதினால் திமிர் என்பார்கள். எல்லோரும் "நாங்கள்", இல்லையென்றால் "செய்யப்பட்டது". வினைக்கு ஆள் இல்லை என்பதற்காக ஒருவரைச் சந்தேகித்தால், அடக்கமாக எழுதுபவர்தான் முதலில் அடிபடுவார். வாய்ச்சவடால்காரர் எல்லா வரியிலும் "நான்" போட்டுத் தப்பிவிடுவார்.

இன்னொன்று, ரகசிய ஒப்பந்தம். என் வேலையில் பாதியை வெளியே சொல்லவே கூடாது. அதைச் சரிபார்க்க முடியாத கூற்று என்பீர்களா?

---

நூல்கண்டு

முதல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, ஒத்துக்கொள்கிறேன். வாக்கியத்தை வைத்து நான் ஆளைக் கழிப்பதில்லை, எங்கே கேட்பது என்று குறித்துக்கொள்கிறேன். நேரில் "அதில் உங்கள் கை பட்டது எது?" என்று கேட்டால் அடக்கக்காரரும் சொல்லிவிடுவார். சவடால்காரர் அங்கேதான் "எல்லாமே" என்பார்.

ரகசியத்துக்கு: பெயர் வேண்டாம், வாடிக்கையாளர் வேண்டாம், சரியான எண்ணும் வேண்டாம். வடிவம் போதும். ஆயிரமா, லட்சமா, கோடியா? எது உடைந்தது? எதைத் திரும்பச் செய்தீர்கள்? இவ்வளவையும் எந்த ரகசியமும் கசியாமல் சொல்லலாம்.

---

விதைநெல்

எல்லா இடத்திலும் அல்ல. சில ஒப்பந்தங்களில் எந்தக் கருவியைப் பயன்படுத்துகிறோம் என்பதே ரகசியம். அப்படிப்பட்டவர் வாயைத் திறக்காவிட்டால் உங்கள் முறைப்படி தோற்றுவிடுவார். இதற்கு உங்களிடம் விடை இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

---

நூல்கண்டு

இல்லைதான். அவருக்கு ஒரு மணி நேர வேலை கொடுத்துச் செய்யச் சொல்வேன். அதுவும் நியாயமா என்று கேட்டால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

---

கடைசிவரிசை

எதற்கு இவ்வளவு சுற்றல்? பழைய அலுவலகத்துக்கு ஒரு ஃபோன் போட்டால் முடிந்தது.

---

இரவுப்பணி

போட்டுப் பாருங்கள். பல இடங்களில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இதோடு நிறுத்திக்கொள்வார்கள். கஃப்காவை இவர்தான் கட்டினாரா என்று மனிதவளத் துறையிடம் கேட்டால் அவர்களுக்கே தெரியாது. கூட வேலை செய்தவர் கிடைத்தால் பயன் உண்டு. ஆனால் இவர் இன்னும் அங்கேயே வேலையில் இருந்தால், நீங்கள் ஃபோன் போடுவதே அவருக்கு ஆபத்தாக முடியலாம். கேட்காமல் செய்யாதீர்கள்.

---

தராசுமுள்

நேற்று நேர்காணல் முடிந்தது. நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரவுப்பணி சொன்னபடி பிரதியைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு "ஹடூபும் எலாஸ்டிக்சர்ச்சும் நான் போடவில்லை" என்றார். தன் மின்னஞ்சலில் இருந்த மூலக் கோப்பையும் திறந்து காட்டினார், அதில் 17தான். மணல்வீடு, உங்கள் கதை அப்படியே.

அடுத்து அந்த 45 நிமிடம். முன்பு ஒவ்வொரு வரியாக இன்செர்ட் செய்துகொண்டிருந்தார்களாம். அதை மாற்றி, கோப்பை அப்படியே ஒரு தற்காலிக அட்டவணையில் கொட்டி, பிறகு முதன்மை அட்டவணைக்கு நகர்த்தியிருக்கிறார்:

```
COPY staging_sales FROM STDIN
WITH (FORMAT csv, HEADER true);
```

மீதி எதில் போகிறது என்று கேட்டதும் சிரித்துவிட்டார். "ஏற்றுவதற்கு 10 நிமிடம்கூட ஆகாது. ஒரு கிளையின் கோப்பு எப்போதும் தாமதமாக வரும், அதற்காகக் காத்திருப்பதுதான் மிச்சம். அந்தக் கிளையைத் தனியாகப் பிரிக்கச் சொன்னேன், கணக்குப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை." இதற்கு மேல் அந்தப் புராஜெக்ட்டில் எனக்குக் கேட்க ஒன்றும் இல்லை.

கஃப்காவில்தான் நான் எதிர்பார்த்த மாதிரி நடக்கவில்லை. டாபிக்கில் எத்தனை பார்ட்டிஷன் என்றேன், தெரியாது என்றார். எந்தக் கீயை வைத்துப் பிரித்தார்கள், அதுவும் தெரியாது, வேறொரு அணி அமைத்தது என்றார். சரி, ஊதல்தான் என்று எழுதிக்கொண்டேன். ஆனால் "உங்கள் கை பட்டது எது" என்றதும் மளமளவென்று வந்தது. செய்திகளை வாசித்து அட்டவணையில் எழுதும் பகுதி அவருடையது. நிரல் பாதியில் செத்து மீண்டும் எழுந்தால், எழுதி முடித்த ஆர்டரையே மறுபடி வாசித்துவிடும், ஏனென்றால் எழுதிய பிறகுதான் ஆஃப்செட் பதிவாகிறது. இதனால் சில ஆர்டர்கள் இரண்டு முறை எண்ணப்பட்டு ஒருநாள் அறிக்கை தவறாகப் போயிருக்கிறது. ஆர்டர் எண், நிகழ்வு எண் இரண்டையும் சேர்த்துத் தனித்துவக் கட்டுப்பாடு போட்டு, `ON CONFLICT DO NOTHING` சேர்த்துச் சரிசெய்திருக்கிறார். ஆக கஃப்காவைப் பயன்படுத்தியிருக்கிறார். வடிவமைத்தது இவர் இல்லை.

குபெர்னெட்டிஸ் என்றால் `kubectl logs`, `kubectl get pods`, அவ்வளவுதான். `OOMKilled` என்று வந்தால் மற்ற அணிக்குச் சொல்வேன் என்றார். ஸ்பார்க்கில் ஏற்கெனவே இருந்த ஒரு ஜாப்பில் இரண்டு நெடுவரிசை சேர்த்திருக்கிறார். 40% எங்கிருந்து வந்தது என்றால், அணியின் காலாண்டு அறிக்கையில் அப்படி இருந்ததாம்.

பட்டியலில் மட்டும் இருந்த டெராஃபார்ம் நிஜம்! ஒரு ரிசோர்ஸின் பெயரை மாற்றியபோது, `terraform plan` பழையதை அழித்துப் புதிதாகக் கட்டுவேன் என்று காட்டியதாம். டேட்டாபேஸ் போய்விடும் என்று பயந்து நிறுத்தி, `terraform state mv` கொண்டு பெயரை மட்டும் நகர்த்தியிருக்கிறார். இதை ஏன் புராஜெக்ட்டில் எழுதவில்லை என்றேன். இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டது, வெட்டிவிட்டேன் என்றார்.

கடைசியாக 94%. எத்தனை பேர் விலகினார்கள் என்று கேட்டதும் அமைதியாகிவிட்டார். "சுமார் 6% இருக்கும்" என்று சொல்லும்போதே அவர் முகம் மாறியது.

---

நூல்கண்டு

டெராஃபார்ம் பதில் அருமை. ஆவணத்தைப் படித்தவர் `apply`, `plan` என்று சொல்வார். பயந்து நிறுத்தியதைச் சொல்வது செய்தவர்தான்.

கஃப்காவில் நீங்கள் முதலில் கேட்டது அமைத்தவருக்கான கேள்வி. அதை அங்கேயே நிறுத்தியிருந்தால் தவறான முடிவுக்குப் போயிருப்பீர்கள். வாசிக்கும் பக்கம் இருப்பவரிடம் கேட்க வேண்டியது, பின்தங்கினால் எப்படித் தெரிந்துகொண்டீர்கள் என்பதைத்தான். இதை ஓட்டிப் பார்த்திருக்கிறாரா என்று கேட்டீர்களா?

```
kafka-consumer-groups.sh --bootstrap-server localhost:9092 \
  --describe --group orders
```

இதில் `LAG` என்று ஒரு நெடுவரிசை வரும். பார்ட்டிஷனுக்கு ஒரு வரி என்பதால், இதை ஒருமுறை ஓட்டியிருந்தாலே எத்தனை பார்ட்டிஷன் என்று கண்ணில் பட்டிருக்கும். அதனால்தான் அவர் "தெரியாது" என்றது எனக்கு இன்னும் கொஞ்சம் உறுத்துகிறது. 16 மாதம் வாசித்தும் ஒருமுறைகூடப் பார்க்கவில்லையா?

---

இரவுப்பணி

பார்க்காமல் இருந்திருக்கலாம். எங்கள் இடத்தில் லேக் எல்லாம் வரைபடமாக ஒரு பலகையில் வரும், கூட்டிய மொத்தமாக. கட்டளை வரியைத் தொட அனுமதியே கிடையாது. விநாடிக்கு 14 நிகழ்வில் பின்தங்குவதும் எங்கே நடக்கப்போகிறது?

---

நூல்கண்டு

அதுவும் சரிதான்.

---

கடைசிவரிசை

எப்படிப் பார்த்தாலும் "வடிவமைத்து உருவாக்கப்பட்டது" என்று எழுதியது ஏமாற்றுதானே? செய்தது வாசிக்கும் பகுதி மட்டும். என் அணியில் இப்படி ஒருவர் வந்து, குபெர்னெட்டிஸ் கிளஸ்டரை அவர் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, இரண்டு மாதம் எல்லோரும் தவித்தோம்.

---

விதைநெல்

முன்பு "பெரிதாக ஏமாந்ததில்லை" என்றீர்களே.

அந்த வாக்கியம் அமைப்பைப் பற்றியது, அவரைப் பற்றியது அல்ல என்றுகூட வாசிக்கலாம். அமைப்பு உருவாக்கப்பட்டது, உண்மைதானே? மழுப்பல் என்று சொல்லுங்கள். பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

---

தராசுமுள்

இன்று காலை அவரே ஒரு மின்னஞ்சல் அனுப்பினார், நான் கேட்கவில்லை. விலகல் மாடலின் பழைய சோதனை முடிவை எடுத்து எண்ணிப் பார்த்தாராம். சோதனையில் 1,200 வாடிக்கையாளர்கள், அதில் 72 பேர் விலகியவர்கள். மாடல் பிடித்தது 9 பேரை. விலகாத 9 பேரை விலகுவார்கள் என்று தவறாகவும் சொல்லியிருக்கிறது. ஆக சரியாகச் சொன்னது 1,119-உம் 9-உம், மொத்தம் 1,128. அதுதான் 94%. ஒன்றுமே கணிக்காமல் எல்லோரும் இருப்பார்கள் என்றிருந்தாலும் அதே 1,128.

"இணையப் பாடம் ஒன்றைப் பார்த்துச் செய்தது. மேலாளர் 94% என்று ஸ்லைடில் போட்டார், நானும் ரெஸ்யூமேயில் போட்டேன். நீங்கள் கேட்கும்வரை எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை" என்று எழுதியிருக்கிறார்.

எங்கள் அணி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. 8 மாதம் ஒரு மாடலோடு இருந்துவிட்டு இதைக்கூடப் பார்க்காதவர் வேண்டாம் என்கிறார் ஒருவர். எங்களுக்கு வேண்டியது கோப்புகளை ஏற்றும் ஆள், மாடல் கட்டும் ஆள் அல்ல, முதல் புராஜெக்ட் போதும் என்கிறார் இன்னொருவர். நான் இரண்டாமவர் பக்கம் சாய்கிறேன், ஆனால் அந்த மின்னஞ்சல் வந்ததால்தான் சாய்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

---

நூல்கண்டு

மின்னஞ்சலைத் தள்ளிவைத்துவிட்டு முதல் புராஜெக்ட்டை மட்டும் வைத்து யோசியுங்கள். உங்கள் வேலைக்கு அது போதுமா? போதும் என்றால் எடுங்கள், ஆனால் குபெர்னெட்டிஸ், ஸ்பார்க் இரண்டும் தெரியாது என்று கணக்கில் வைத்துக்கொண்டு எந்த நிலையில் எடுப்பது என்று முடிவு செய்யுங்கள்.

---

கடைசிவரிசை

நானாக இருந்தால் எடுக்க மாட்டேன்.

---

மணல்வீடு

எடுக்கிறீர்களோ இல்லையோ, அந்த முகவரிடம் ஹடூபைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

---

தராசுமுள்

கேட்டாயிற்று. "விளம்பரத்தில் நீங்கள்தானே போட்டிருந்தீர்கள்" என்கிறார். திறந்து பார்த்தேன். போட்டிருக்கிறோம்.